பாதி டாலருக்கு ஃபார்வர்டு போட்டால் போதுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். பையர்கள் எல்லோரும் அமெரிக்கா, பில் எல்லாம் டாலரில். அடுத்த ஆறு மாதத்தில் 8 லட்சம் டாலர் வர வேண்டும். 3 லட்சத்துக்குச் சரக்கு போய்விட்டது. 3 லட்சத்துக்கு ஆர்டர் கையில் இருக்கிறது. மீதி 2 லட்சம், வழக்கமான பையர் தருவதாகச் சொல்லியிருக்கும் அடுத்த சீசன் ஆர்டர். சரக்கு அனுப்பும் முன் டாலரில் வாங்கிய பி.சி.எஃப்.சி. கடன் 1.5 லட்சம் டாலர் நிற்கிறது. ஜிப், லேபிள், சாயப்பொருள் இறக்குமதிக்கு அடுத்த இரண்டு மாதத்தில் 50 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். இதுவரை 3 லட்சம் டாலருக்கு ஃபார்வர்டு போட்டிருக்கிறோம், எல்லாம் இரண்டு மாதத்துக்குள் டெலிவரி. பேங்கில் "முழுசையும் கவர் பண்ணிடுங்க" என்கிறார்கள். பார்ட்னரான என் மச்சான், "பாதி போதும், ஏறினாலும் இறங்கினாலும் நமக்குப் பாதிதான்" என்கிறார். எத்தனை சதவீதம் சரி?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஃபார்வர்டு என்றால் பின்னால் வரப்போகும் டாலரை இன்றே பேசிய ரேட்டில் பேங்குக்கு விற்று வைப்பது. அதில் சதவீதத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். அது கணக்கின் கடைசியில் தானாக வந்து நிற்க வேண்டிய எண். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அல்லது இறங்கினால், எல்லாம் போக உங்கள் கையில் நிற்கும் பணம் எத்தனை ரூபாய் மாறும்? 4 லட்சம் ரூபாய் மாறும் என்றால் உங்களுக்கு உண்மையில் இருக்கும் ரிஸ்க் 4 லட்சம் டாலர். பில் மதிப்பு 8 லட்சமாக இருந்தாலும் சரி, 12 லட்சமாக இருந்தாலும் சரி. 1984-இல் மைக்கேல் ஆட்லரும் பெர்னார்ட் டூமாவும் எழுதிய ஒரு கட்டுரை, அந்நியச் செலாவணி ரிஸ்க்கை இப்படித்தான் அளக்கச் சொன்னது. பில்லைக் கூட்டாதே, ரேட் மாறும்போது உன் பணம் எவ்வளவு மாறுகிறது என்று பார் என்பதுதான் அதன் சாரம். நாற்பது ஆண்டு கழித்தும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் 8 லட்சத்தைப் பார்ப்போம். இதில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள். பி.சி.எஃப்.சி. கடனை டாலரில் வாங்கி, அன்றைய ரேட்டில் ரூபாயாக மாற்றி, நூலுக்கும் கூலிக்கும் செலவு செய்தாயிற்று. பையர் பணம் அனுப்பும்போது அதில் 1.5 லட்சம் டாலர் நேராக அந்தக் கடனுக்குப் போய்விடும். அந்த 1.5 லட்சத்துக்கு இனி டாலர் 80-க்குப் போனாலும் 95-க்குப் போனாலும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. கடன் வாங்கிய அன்றே அது கவர் ஆகிவிட்டது. இறக்குமதிக்குக் கட்ட வேண்டிய 50 ஆயிரமும் அப்படித்தான். வருகிற டாலரை, டாலராகவே வைத்துக்கொள்ள உதவும் இ.இ.எஃப்.சி. கணக்கில் வைத்திருந்து அதிலிருந்தே கட்டிவிட்டால் ரேட் உங்களைத் தொடாது. (அந்தக் கணக்கில் ஒரு மாதம் வந்த டாலரில் பயன்படுத்தாத மீதியை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும். அதனால் இறக்குமதித் தேதியையும் பையர் பணம் வரும் தேதியையும் கொஞ்சம் பக்கம் பக்கமாக அமைத்துக்கொள்ளுங்கள்.)

ஆக, பேங்க் சொன்னபடி 8 லட்சத்துக்கும் ஃபார்வர்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபார்வர்டு 8, கடன் 1.5, இறக்குமதி 0.5. மொத்தம் 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும், வரப்போவது 8 லட்சம்தான், அதுவும் எல்லா ஆர்டரும் வந்தால். மீதி 2 லட்சத்தை வெளியில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளரான நீங்கள் நஷ்டப்படுவீர்கள். பேங்க் அதிகாரி தவறான எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் கண்ணில் படுவது பில்லும் ஆர்டரும். கடன் பிரிவின் கணக்கையும் ஃபார்வர்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

கழித்தபின் நிற்பது 6 லட்சம். ஆனால் வரப்போகும் 8 லட்சமும் ஒரே தரத்து டாலர் இல்லை, அதனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று பார்க்க வேண்டும். சரக்கு போன பணம், ஆர்டர் கையில் இருக்கும் பணம், வாய்வார்த்தையில் இருக்கும் பணம் என்று நீங்களே மூன்று அடுக்காகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

சரக்கு போன 3 லட்சத்தில் யோசிக்க அதிகம் இல்லை. செலவெல்லாம் ரூபாயில் முடிந்துவிட்டது, பில் போட்டாயிற்று, விலை மாறாது. டாலர் ஒரு ரூபாய் மாறினால் 3 லட்சம் ரூபாய் அப்படியே மாறும். குவாலிட்டி கிளெய்ம், கழிவு என்று பையர் பிடிப்பது எவ்வளவு என்பது உங்கள் பழைய பேங்க் ரசீதுகளிலேயே இருக்கும். மூன்று சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2.9 லட்சம் வரும். அதில் இறக்குமதிக்கு 0.5 போக 2.4 லட்சம். இதை முழுதாகக் கவர் செய்யுங்கள். இங்கே "பாதி" என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பாதியைத் திறந்து வைத்தால் அது வெறும் பந்தயம்தான்.

ஆர்டர் கையில் இருக்கும் 3 லட்சத்தில் விலை டாலரில் முடிவாகிவிட்டது. நூல் வாங்கியாயிற்று, பாதி துணி கட்டிங் டேபிளுக்கும் வந்திருக்கும். இந்தக் கட்டத்தில் ஆர்டர் கேன்சல் ஆனால் செலவு திரும்பி வராது. துணியை ஸ்டாக் லாட்டாக ரூபாயில்தான் தள்ள வேண்டும். அதனால் இங்கே பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: கையெழுத்தான ஆர்டரில் எத்தனை சதவீதம் உண்மையில் பணமாக வந்தது? கடந்த எட்டுப் பத்து சீசன் கணக்கை எடுத்துப் பாருங்கள். சராசரியோடு நிறுத்தாமல், மோசமான சீசனில் எவ்வளவு வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது கையில் இருந்த ஆர்டர்களையே பையர்கள் நிறுத்தியது திருப்பூரில் யாருக்கும் மறந்திருக்காது. உங்கள் கணக்கில் 90 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.7 லட்சம். அதில் பி.சி.எஃப்.சி. 1.5 லட்சம் போக, ஃபார்வர்டு போட வேண்டியது 1.2 லட்சம்.

அப்புறம் அந்த 2 லட்சம். பெரும்பாலானவர்கள் தப்புப் பண்ணுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வாய்வார்த்தை ஆர்டரில் மூன்று விஷயம் முடிவாகவில்லை: அளவு, விலை, உங்கள் செலவு. மூன்றும் டாலர் ரேட்டோடு சேர்ந்து நகரக்கூடியவை. ரூபாய் விழுந்தால் பையரின் சோர்சிங் ஆபீசுக்கு அது அன்றே தெரியும். அடுத்த சீசன் விலை பேசும்போது "உங்களுக்குத்தான் ரேட் நல்லா இருக்கே" என்று இரண்டு சதவீதம் குறைக்கச் சொல்வார். பஞ்சு விலை உலகச் சந்தையோடு ஓடுவதால் நூல் விலையும் கொஞ்சம் ஏறும். அளவு எப்படி நகரும் என்பது ரூபாய் ஏன் விழுந்தது என்பதைப் பொறுத்தது. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத் தொடக்கத்தில் டாலர் 84-ஐ ஒட்டி இருந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியது. ரூபாய் பலவீனமானதற்கு அந்த வரியும் ஒரு காரணம், ஆர்டர் குறைந்ததற்கும் அதே வரிதான் காரணம். டாலர் ஏறிய அதே மாதங்களில் பையர் ஆர்டரைக் குறைத்தார், தள்ளிப்போட்டார், தள்ளுபடி கேட்டார்.

இதை உங்கள் 2 லட்சத்தில் பொருத்திப் பார்ப்போம். ஒரு டாலர் சரக்குக்கு உங்கள் நேரடிச் செலவு, அதாவது நூல், நிட்டிங், சாயம், கூலி, ஃபிரெயிட் எல்லாம் சேர்த்து, 70 ரூபாய் என்று வையுங்கள். டாலர் 84 இருந்து ஆர்டர் முழுதாக வந்தால் டாலருக்கு 14 ரூபாய் நிற்கும், 2 லட்சத்துக்கு 28 லட்சம் ரூபாய். டாலர் 90-க்குப் போய், பையர் விலையில் 2 சதவீதம் குறைத்து, அளவையும் 1.7 லட்சமாகக் குறைத்தால்? 90-இல் 2 சதவீதம் போக 88.20. செலவு 70 போக 18.20 நிற்கும். அதை 1.7 லட்சத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 31 லட்சம் ரூபாய். டாலர் 6 ரூபாய் ஏறியும் கையில் கூடியது 3 லட்சம் ரூபாய்தான். ஒரு ரூபாய்க்கு 50 ஆயிரம் ரூபாய். ஆக, அந்த 2 லட்சம் டாலருக்குள் உண்மையான ரிஸ்க் 50 ஆயிரம் டாலர்தான், கால் பங்கு.

இப்போது 87 ரூபாய்க்கு ஃபார்வர்டு கிடைக்கிறது என்று வைத்து, மூன்று விதமாகச் செய்து பார்ப்போம்.

ஒன்றுமே போடவில்லை என்றால் டாலர் 84-இல் 28 லட்சம், 90-இல் 31 லட்சம். வித்தியாசம் 3 லட்சம்.

2 லட்சத்துக்கும் ஃபார்வர்டு போட்டால், டாலர் 84-க்கு இறங்கும்போது ஃபார்வர்டில் 3 ரூபாய் வீதம் 6 லட்சம் லாபம். 28-உம் 6-உம் 34 லட்சம். டாலர் 90-க்கு ஏறும்போது அதே ஃபார்வர்டில் 6 லட்சம் நஷ்டம். 31 போய் 25 லட்சமாகிவிடும். வித்தியாசம் 9 லட்சம்! ரிஸ்க்கைக் குறைக்கப் போட்ட ஃபார்வர்டு அதை மூன்று மடங்காக்கிவிட்டது. அதுவும் அடி விழுவது ஆர்டர் குறைந்து பணம் இறுக்கமாக இருக்கும் நேரத்தில்.

50 ஆயிரத்துக்கு மட்டும் போட்டால் 84-இல் ஒன்றரை லட்சம் கூடி 29.5 லட்சம். 90-இல் ஒன்றரை லட்சம் குறைந்து அங்கேயும் 29.5 லட்சம். ரேட் எங்கே போனாலும் கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுதான். உகந்த விகிதம் என்று சொல்வது இந்தப் புள்ளியைத்தான். அது 100-உம் இல்லை, 50-உம் இல்லை. இந்த அடுக்குக்கு 25.

இந்த 25 எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. உங்கள் பையர் விலையைக் குறைக்கவே மாட்டார், அளவும் ரேட்டோடு நகராது என்றால் விகிதம் ஆர்டர் வரும் வாய்ப்புக்குப் பக்கத்தில், 70 என்றோ 80 என்றோ நிற்கும். மாறாக, ரூபாய் விழும்போது அளவு 1.5 லட்சமாகச் சுருங்கும் என்று நீங்கள் நினைத்தால், மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 27.3 லட்சம்தான் வரும். அதாவது டாலர் ஏறினால் உங்களுக்கு வருமானம் குறைகிறது. அப்போது இந்த அடுக்குக்கு ஃபார்வர்டே போடக் கூடாது.

மூன்றையும் கூட்டுங்கள். 2.4, 1.2, 0.5. மொத்தம் 4.1 லட்சம் டாலர். 8 லட்சத்தில் இது 51 சதவீதம். உங்கள் மச்சான் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அவர் சொன்ன காரணத்தால் வரவில்லை. அடுத்த சீசனில் பி.சி.எஃப்.சி.யை 3 லட்சமாக ஏற்றினால் இந்த எண் 30-களுக்கு இறங்கும். கடனை ரூபாய் பேக்கிங் கிரெடிட்டாக மாற்றினால் 70 வரை போகும். "எப்போதும் பாதி" என்று ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டால் முதல் நிலையில் கூடுதலாக விற்றிருப்பீர்கள், இரண்டாவதில் குறைவாக விற்றிருப்பீர்கள். பாதியை எல்லா அடுக்கிலும் பரப்பிப் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. சரக்கு போன பணத்தில் பாதி திறந்து கிடக்கும், வராத ஆர்டரில் பாதி விற்றுக் கிடக்கும்.

நான் 2 சதவீதம், 1.7 லட்சம் என்று போட்டவை எடுத்துக்காட்டுக்காகத்தான். உங்கள் எண்ணை உங்கள் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம். ஐந்து ஆண்டுக் காலாண்டுக் கணக்கு போதும். ஒவ்வொரு காலாண்டுக்கும் ஏற்றுமதி வருமானத்தில் நேரடிச் செலவைக் கழித்து, நின்றதை லட்ச ரூபாயில் எழுதுங்கள். ஃபார்வர்டு லாப நஷ்டத்தை இதில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் நீங்கள் ஏற்கெனவே கவர் செய்தபின் மிஞ்சிய ரிஸ்க்கைத்தான் அளப்பீர்கள். பக்கத்தில் அந்தக் காலாண்டின் சராசரி டாலர் ரேட். நம் தொழில் சீசன் தொழில் என்பதால், முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்டு இரண்டுக்கும் வித்தியாசம் எடுங்கள். ரேட் வித்தியாசம் C பத்தியில், பண வித்தியாசம் D பத்தியில் இருந்தால் எக்செல்லில் இவ்வளவுதான்:

```
=SLOPE(D3:D18,C3:C18)
=RSQ(D3:D18,C3:C18)
```

முதல் வரியில் வருவது, டாலர் ஒரு ரூபாய் மாறும்போது ஒரு காலாண்டில் உங்கள் பணம் எத்தனை லட்சம் மாறியது என்பது. அதாவது ஒரு காலாண்டுக்கான உண்மையான ரிஸ்க், லட்சம் டாலரில். நாம் அடுக்கு அடுக்காகப் போட்ட கணக்கில், கடனைக் கழிக்கும் முன் ஆறு மாதத்துக்கு 5.6 லட்சம், காலாண்டுக்கு 2.8 லட்சம். எக்செல்லில் 2.5, 3 என்று பக்கத்தில் வந்தால் உங்கள் அனுமானம் சரியான திசையில் இருக்கிறது. 1-க்குக் கீழே வந்தால் பையரின் தள்ளுபடியும் ஆர்டர் குறைவும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், மூன்றாம் அடுக்கை முழுவதும் விட்டுவிடலாம்.

இரண்டாவது வரி, இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும். அது 0-க்கும் 1-க்கும் இடையில் வரும். 0.1, 0.2 என்று வந்தால் உங்கள் லாபத்தை ஆட்டுவது டாலர் இல்லை, வேறு ஏதோ. பல திருப்பூர் கம்பெனிக் கணக்கில் அது நூல் விலையாகத்தான் இருக்கும். அந்த நிலையில் ஃபார்வர்டு விகிதத்தை நுணுக்கமாகத் தேடுவதில் பலன் இல்லை. பதினாறு வரியில் எடுத்த எண் ஒரு பெரிய ஆர்டரால் கூடக் கோணிப் போகலாம். அதனால் அடுக்குக் கணக்கே முதன்மை, எக்செல் அதைச் சரிபார்க்க மட்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: "ரூபாய் எப்படியும் விழத்தானே போகிறது, எதற்கு ஃபார்வர்டு?" 2008 தொடக்கத்தில் 40-க்குக் கீழே இருந்த டாலர் இன்று இருக்கும் இடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயம்தான். ஆனால் அது நேர்கோட்டில் வரவில்லை. 2017 தொடக்கத்தில் 68-ஐ ஒட்டி இருந்த டாலர் ஆண்டு முடிவில் 64-க்கு வந்தது. ஐந்தாறு சதவீத மார்ஜினில் ஓடும் கம்பெனிக்கு அந்த ஓராண்டே போதும். மேலும் ஏற்றுமதியாளருக்கு ஃபார்வர்டில் பிரீமியம் கிடைக்கிறது, ஏனென்றால் நம் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம். இன்றைய ரேட்டைவிட மேலான ரேட்டில்தான் விற்கிறீர்கள். எனவே திறந்து வைப்பதில் லாபம் வர வேண்டுமானால் ரூபாய் விழுந்தால் மட்டும் போதாது, பிரீமியத்தைத் தாண்டி விழ வேண்டும். அதைக் கணிக்கத் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார் என்று நீங்கள் நம்பினாலும், சரக்கு போன பணத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

மூன்றாம் அடுக்குக்கு புட் ஆப்ஷன் வாங்கலாமா என்று பேங்கில் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் வந்து டாலர் இறங்கினால் ஒப்பந்த ரேட்டில் விற்கலாம். ஆர்டர் வராவிட்டால் விட்டுவிடலாம், கட்டிய பிரீமியம் மட்டும்தான் போகும். நிச்சயமில்லாத டாலருக்குப் பொருந்துவது இதுதான். ஆனால் ஆறு மாத ஆப்ஷனுக்குப் பிரீமியம் குறைவாக இருக்காது. 50 ஆயிரம் டாலர் ஃபார்வர்டோடு ஒப்பிட்டு எது மலிவு என்று பாருங்கள். "பிரீமியமே கட்ட வேண்டாம், ஜீரோ காஸ்ட்" என்று ஒரு திட்டம் காட்டினால், அதில் நீங்கள் எதை விற்கிறீர்கள், டாலர் 10 ரூபாய் ஏறினால் எவ்வளவு டாலர் கொடுக்க வேண்டி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2007, 2008-இல் அந்த மாதிரி ஒப்பந்தங்களில் திருப்பூர்க் கம்பெனிகள் பல பெரிய நஷ்டத்தில் மாட்டி, கோர்ட் வரை போக வேண்டி வந்தது. அவர்கள் வாங்கியது பாதுகாப்பு என்று நினைத்தார்கள், உண்மையில் விற்றிருந்தார்கள்.

இந்தக் கணக்கை மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள். வாய்வார்த்தை ஆர்டர் பி.ஓ.வாக, அதாவது எழுத்து ஆர்டராக மாறினால், அது 25-இலிருந்து 90-க்கு ஏறும், அந்த வித்தியாசத்துக்குப் புது ஃபார்வர்டு. சரக்கு கப்பல் ஏறினால் மீதிக்கும் போடுங்கள். ஏற்ற வேண்டியது ஆர்டர் நகர்வதைப் பார்த்துத்தான், டி.வி.யில் ரேட் நகர்வதைப் பார்த்து இல்லை. "இன்னும் ஐம்பது பைசா ஏறட்டும்" என்று காத்திருந்தால் அது வேறு தொழில். ஃபார்வர்டு லிமிட்டில் எவ்வளவு மிச்சம், ரேட் எதிராகப் போனால் பேங்க் எப்போது மார்ஜின் கேட்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கூடுதலாகக் கவர் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கடந்த ஓராண்டில் டாலர் கொடுக்க முடியாமல் கேன்சல் செய்த, அல்லது அடுத்த மாதத்துக்குத் தள்ளிய ஃபார்வர்டுகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். போட்டதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படி ஆகியிருந்தால், நீங்கள் வராத டாலரை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதில் லாபம் வந்ததா நஷ்டம் வந்ததா என்று பார்க்காதீர்கள். லாபம் வந்திருந்தாலும் அது தற்செயல்.

இனி உங்களிடம் இப்போது இருக்கும் 3 லட்சம் ஃபார்வர்டு. அது முழுவதும் முதல் இரண்டு மாதத்தில் நிற்கிறது, அங்கே தேவை 2.4 லட்சம்தான். 60 ஆயிரம் கூடுதல். பின்னால் வரும் மாதங்களில் ஒன்றுமே இல்லை. அந்த 60 ஆயிரத்தை இப்போதே அவசரப்பட்டுக் கேன்சல் செய்ய வேண்டாம். கிளெய்ம் ஏதும் இல்லாமல் பணம் முழுதாக வரலாம், இறக்குமதிப் பார்ட்டி கெடு தரலாம். டெலிவரி தேதி நெருங்கும்போது மிஞ்சுவதை அன்றைய ரேட்டில் வித்தியாசம் தீர்த்து, மூன்றாம் நான்காம் மாதத்துக்கு மாற்றிப் போடுங்கள். அந்த மாதங்களுக்கு 1.2 லட்சம் தேவை. மாற்றிப் போடும் 60 ஆயிரம் போக, இந்த வாரம் புதிதாக 60 ஆயிரம் டாலருக்கு ஃபார்வர்டு போடுங்கள். ஒரே தேதியில் கட்டிக்கொள்ளாமல், மாதத்துக்குள் எந்த நாளும் கொடுக்கலாம் என்று டெலிவரி காலம் கேளுங்கள், ஷிப்மென்ட் நாலு நாள் தள்ளினாலும் சிக்கல் வராது. ஐந்தாம் ஆறாம் மாதத்துக்கு 50 ஆயிரம். அதைப் போடும் முன், அந்த வழக்கமான பையர் 2025 இரண்டாம் பாதியில் சொன்ன ஆர்டரில் எவ்வளவைக் கொடுத்தார், விலையில் எவ்வளவு குறைக்கச் சொன்னார் என்று உங்கள் மெர்ச்சண்டைசரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் போட்ட 1.7-க்கும் 2 சதவீதத்துக்கும் பதிலாக அந்த எண்களைப் போட்டால், 50 ஆயிரம் என்பது 80 ஆயிரமாக வேண்டுமா அல்லது சுத்தமாக வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.